ஒன்பது அங்குலக் கணக்கு

சானிட்டரி கடையில் கமோடு வாங்கப் போகிறவர்கள் முதலில் பார்ப்பது நிறத்தை, அப்புறம் வடிவத்தை, கடைசியாக விலையை. எல்லாம் பிடித்துப்போய் பில் போடும் நேரத்தில் கடைக்காரர் ஒரு கேள்வி கேட்பார்: "எஸ் ட்ராப்பா, பி ட்ராப்பா? எத்தனை இன்ச்?" வந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். பிளம்பருக்குப் போன் போகும். அவர் வேறொரு வீட்டில் வேலையாக இருப்பார். "ஒன்பது இன்ச்சே வாங்கிட்டு வாங்க சார், பாத்துக்கலாம்" என்பார்.

அந்தப் 'பாத்துக்கலாம்' பின்னால் எத்தனையோ குளியலறைகளில் சுவரை விட்டு விலகி நிற்கும் கமோடாகவும், ஆடுகிற பேசினாகவும், கீழ்வீட்டுக் கூரையில் பரவும் ஈரமாகவும் முடிகிறது.

கடைக்காரர் கேட்டது இதைத்தான். கமோடுக்குள் வளைந்து போகும் பாதைக்கு ட்ராப் என்று பெயர். அதில் சுமார் 5 செ.மீ. ஆழத்துக்கு எப்போதும் தண்ணீர் தேங்கி நிற்கும். சாக்கடை வாடை வீட்டுக்குள் ஏறாமல் தடுப்பது அந்தத் தண்ணீர்தான். வளைவு தரைக்குள் இறங்கினால் எஸ் ட்ராப், பின்பக்கச் சுவருக்குள் போனால் பி ட்ராப். எஸ் ட்ராப்பில், பின்சுவரிலிருந்து தரைக்குழாயின் மையம் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதுதான் அந்த இன்ச் கணக்கு. நம் ஊர்க் கடைகளில் 4, 9, 12 அங்குலம் என்று மூன்று அளவுகள் பரவலாகக் கிடைக்கும். பீங்கானைச் சூளையில் சுட்டாகிவிட்டது. அதை வளைக்கவோ வெட்டவோ முடியாது. ஆகவே குழாய்தான் கமோடுக்குச் சரியான இடத்தில் இருக்க வேண்டும்.

இந்த ஒன்பது அங்குலத்தை எங்கிருந்து அளப்பது என்பதில்தான் பாதி வேலை கெடுகிறது. குழாய் போடும் நாளில் சுவரில் வெறும் செங்கல்தான் தெரியும். அதன்மேல் பூச்சு வரும், டைல்ஸ் ஒட்டும் கலவை வரும், டைல்ஸ் வரும். மூன்றும் சேர்ந்தால் ஒன்றரை அங்குலம் சாதாரணமாக ஏறிவிடும். செங்கல்லிலிருந்து சரியாக ஒன்பது அங்குலம் அளந்து குழாயை நிறுத்தினால், டைல்ஸ் ஒட்டி முடிந்ததும் மிச்சம் இருப்பது ஏழரைதான். ஒன்பது அங்குலக் கமோடின் வாய் அந்தக் குழாய்க்கு நேராக உட்காராது. ஒன்று, ஒன்றரை அங்குலம் சுவரை விட்டு முன்னால் நிற்கும் கமோடின் வாயை, எப்படியாவது குழாய்க்குள் திணிப்பார்கள். இல்லையென்றால் டைல்ஸை உடைப்பார்கள். செங்கல் சுவரிலிருந்து பத்தரை அங்குலம் தள்ளிக் குழாய் வைத்திருந்தால் இரண்டுமே தேவைப்பட்டிருக்காது.

சுவருக்குச் சொன்னதே தரைக்கும். குளியலறைத் தரையில் சரிவு கொடுக்கக் கான்கிரீட் போடுவார்கள், அதற்குமேல் டைல்ஸ் வரும். இரண்டும் சேர்ந்து 6 செ.மீ. ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். வாஷ் பேசினின் விளிம்பு தரையிலிருந்து 81 செ.மீ. உயரத்தில், அதாவது 32 அங்குலத்தில் வர வேண்டும் என்று முடிவு செய்து, கரடுமுரடான பழைய தரையிலிருந்து அளந்து போல்ட் அடித்தால், வேலை முடியும்போது பேசின் 75 செ.மீ.யில் நிற்கும். பல் தேய்க்க ஒவ்வொரு நாளும் குனிய வேண்டியதுதான்.

அனுபவமுள்ள மேஸ்திரிகள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். வேலை தொடங்கும் அன்றே டியூப் லெவலில் தண்ணீர் நிரப்பி, நாலு சுவரிலும் ஒரே மட்டத்தில் கோடு இழுத்துவிடுவார்கள். அந்தக் கோடு, முடிந்த தரைக்கு மேலே சரியாக ஒரு மீட்டர் இருக்கும்படி கணக்குப் பண்ணியிருப்பார்கள். அதன்பிறகு தரையைப் பார்க்கவே வேண்டாம். பேசின் விளிம்பு கோட்டுக்குக் கீழே 19 செ.மீ., ஆங்கிள் வால்வு கோட்டுக்குக் கீழே 45 என்று, எல்லாவற்றையும் மேலிருந்து கீழே அளந்துகொண்டே போவார்கள். தரை அன்றைக்குக் குண்டும் குழியுமாக இருந்தாலும் பாதகமில்லை. வீட்டுக்காரர் கேட்கத் தகுந்த முதல் கேள்வி, "மட்டக்கோடு போட்டாச்சா?" என்பதே.

கமோடு, ஃப்ளஷ் டேங்க், பேசின் மூன்றையும் பொருத்துவது பற்றி ஐஎஸ் 2064 என்று ஓர் இந்தியத் தரநிலையே இருக்கிறது. ஆனால் எந்தப் புத்தகமும் வீட்டில் இருக்கும் ஆளின் காலை அளந்து எழுதப்பட்டதல்ல. தரையில் நிற்கும் சாதாரணக் கமோடின் விளிம்பு 39, 40 செ.மீ. உயரம் இருக்கும். அதன்மேல் சீட் ஓரிரு செ.மீ. ஏற்றும். பெரும்பாலானோருக்கு இது பொருந்திப்போகும். சக்கர நாற்காலியிலிருந்து மாறி உட்காருபவர்களுக்கு 45 முதல் 48 செ.மீ. வரை வைக்கச் சொல்கிறார்கள். மூட்டுவலி உள்ளவர்களுக்கு எழுந்திருக்க உயரம் உதவும் என்பதும் உண்மை. ஆனால், குள்ளமான ஒருவருக்கு 48 செ.மீ. வைத்துவிட்டால் கால் தரையில் பதியாது. தொடையின் அடிப்பக்கம் சீட் விளிம்பில் அழுந்தி மரத்துப்போகும். முதியவருக்கு, கால் தரையில் ஊன்றாமல் எழுந்திருப்பது விழுவதற்கான வழி. ஒரு நாற்காலியில் அவரை உட்காரவைத்து, குதிகாலிலிருந்து முழங்காலின் பின்மடிப்பு வரை அளந்து, அந்த அளவையோ அதைவிட ஓரிரு செ.மீ. கூடவோ எடுத்துக்கொள்வது எளிய முறை.

சுவரில் தொங்கும் கமோடு என்றால் உயரத்தை நாமே தேர்ந்தெடுக்கலாம். தரையில் நிற்பது என்றால் கடையில் இருக்கும் உயரம்தான். அங்கேயே உட்கார்ந்து பார்ப்பதில் வெட்கம் ஒன்றுமில்லை.

இனி ஒரு வீட்டை நினைத்துக்கொள்வோம். முப்பது வருடத்துக்கு முன் கட்டிய மாடிவீடு. மாடியில் ஐந்துக்கு ஏழு அடியில் ஒரு குளியலறை, அதில் இந்தியன் டாய்லெட். அம்மாவுக்கு முழங்கால் வலி வந்துவிட்டது. குத்துக்கால் போட்டு உட்கார முடியவில்லை. மகன் வெஸ்டர்ன் மாற்றலாம் என்று பிளம்பரைக் கூப்பிடுகிறார். ஒரே நாளில் முடித்துவிடலாம் என்று ஒருவர் சொல்கிறார். பழைய பேசினை உடைத்து எடுத்து, அதன் அடியிலிருக்கும் ட்ராப்பின் வாயிலேயே புதிய கமோடைச் சொருகிவிடுவது அவர் திட்டம். செலவும் குறைவு.

இன்னொருவர் பார்த்துவிட்டு, "அண்ணே, அப்படிப் பண்ணினா ரெண்டு ட்ராப் ஆயிடும்" என்கிறார்.

அவர் சொல்வதில் விஷயம் இருக்கிறது. இந்தியன் டாய்லெட்டில் பேசின் தனி, அதன் அடியில் மாட்டும் ட்ராப் தனி. வெஸ்டர்ன் கமோடின் உடம்பிலேயே ட்ராப் இருக்கிறது. பழைய ட்ராப்பை அப்படியே விட்டு மேலே கமோடை வைத்தால், ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு இடத்தில் தண்ணீர் தேங்கும். நடுவில் காற்று அகப்பட்டுக்கொள்ளும். ஃப்ளஷ் பண்ணும்போது கமோடில் தண்ணீர் மேலே ஏறி, தயங்கி, பிறகு மெதுவாக இறங்கும். ஒருமுறை அழுத்தினால் போகாது. இப்போதைய டேங்குகள் முழு ஃப்ளஷுக்கு 6 லிட்டர், பாதி ஃப்ளஷுக்கு 3 லிட்டர்தான் விடுகின்றன. அந்தத் தண்ணீருக்கு இரண்டு வளைவைத் தாண்டித் தள்ளும் வேகம் கிடையாது. வீட்டுக்காரர் கமோடு கம்பெனியைத் திட்டுவார். கோளாறு தரைக்கடியில் இருக்கும்.

ஆகவே இந்த வீட்டில் மேடையையும் பேசினையும் ட்ராப்பையும் முழுதாக எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ட்ராப் இல்லாத சாதாரண பெண்ட் ஒன்றை 110 மி.மீ. பிவிசி குழாயில் போடுகிறார்கள். தரை எப்படியும் திறந்திருப்பதால் மையத்தை எங்கே வேண்டுமானாலும் நிறுத்தலாம். வாங்கியிருப்பது 9 அங்குலக் கமோடு. பின்சுவரில் பழைய டைல்ஸ் அப்படியே இருக்கப்போகிறது. எனவே டைல்ஸ் முகத்திலிருந்து நேராக ஒன்பது அங்குலம். பக்கச் சுவரிலிருந்து கமோடின் நடுக்கோட்டுக்குக் குறைந்தது 15 அங்குலம் விடுகிறார்கள். அதற்குக் கீழே போனால் தோள் சுவரில் இடிக்கும், பின்னால் கைப்பிடிக் கம்பி பொருத்தவும் இடமிருக்காது.

குழாயின் வாய் எதுவரை வர வேண்டும் என்பதும் கவனிக்கத் தக்கது. முடிந்த தரைக்குச் சமமாக நிற்க வேண்டும். மேலே நீட்டிக்கொண்டிருந்தால் கமோடு தரையில் உட்காராமல் குழாய்மேல் உட்காரும். கீழே இருந்தால் ரப்பர் வளையம் பிடிக்காது. குழாய் போட்ட இடத்தில் ஓதம் தடுக்கும் பூச்சு இரண்டு கோட் அடித்து, காய்ந்ததும் தண்ணீர் தேக்கி 24 மணி நேரம் விட்டுவைக்கிறார்கள். கீழறையின் கூரை காய்ந்தே இருக்கிறது. இதைப் பார்த்த பிறகுதான் டைல்ஸ்.

கமோடை நிறுத்துவது அதற்குப் பிறகு. பழைய வழக்கம், கமோடின் அடியில் சிமெண்ட் கலவையைக் கொட்டி அதிலேயே அழுத்தி உட்காரவைத்து, சுற்றிலும் வெள்ளை சிமெண்ட் பூசிவிடுவது. பார்க்கக் கெட்டியாகத்தான் இருக்கும். ஆனால் இறுகிய சிமெண்டுக்கும் பீங்கானுக்கும் விட்டுக்கொடுக்கும் தன்மை கிடையாது. தரை துளி அசைந்தாலும் இரண்டில் ஒன்று விரிசல் விடும். பெரும்பாலும் அது கமோடாகத்தான் இருக்கும். பிறகு ஒருநாள் கழற்ற வேண்டி வந்தால் முழுதாக வராது, உடைந்துதான் வரும்.

நம் வீட்டுப் பிளம்பர் வேறுவிதமாகச் செய்கிறார். முதலில் கமோடை வெறுமனே வைத்துப் பார்த்து, ரசமட்டத்தைக் குறுக்கிலும் நெடுக்கிலும் வைக்கிறார். குமிழி நடுவில் நின்றதும் அடிப்பாகத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடு இழுத்து, திருகுத் துளைகளின் இடத்தைக் குறித்துக்கொண்டு தூக்கி வைத்துவிடுகிறார். டைல்ஸில் துளையிடும்போது டிரில்லின் சுத்தியல் விசையை அணைத்துவிட்டு மெதுவாகச் சுற்றவிடுகிறார். டைல்ஸ் கடந்ததும்தான் சுத்தியல். துளை ஆழமாகவும் போகக் கூடாது, கீழே குழாய் ஓடலாம். முன்பு அடித்த ஓதத் தடுப்புப் பூச்சையும் இந்தத் துளை கிழித்துவிட்டது அல்லவா? அதனால் பிளக் நுழைக்குமுன் ஒவ்வொரு துளைக்குள்ளும் கொஞ்சம் சிலிக்கான் பிதுக்குகிறார். பலர் விட்டுவிடும் சின்ன வேலை இது. கீழ்வீட்டுக் கூரை ஈரத்துக்கு இந்தத் துளையும் காரணமாகலாம்.

கமோடின் வாயில் ரப்பர் வளையத்தை மாட்டி, சோப்புத் தண்ணீர் தடவி, நேர் மேலிருந்து குழாய்க்குள் இறக்குகிறார். எண்ணெயோ கிரீஸோ தடவினால் நாளடைவில் ரப்பர் ஊதி இளகிவிடும். பென்சில் கோட்டோடு சரியாகப் பொருந்தியதும் திருகுகளைப் பிளாஸ்டிக் வாஷர் போட்டு, இடம் ஒரு சுற்று வலம் ஒரு சுற்று என்று மாற்றி மாற்றி முடுக்குகிறார். ஒரே பக்கம் முழுதாக முடுக்கினால் பீங்கான் விரிசல் விடும். ஆட்டம் நின்றதும் கை நிற்க வேண்டும். கடைசியில் அடிவிளிம்பைச் சுற்றி சிலிக்கான் அடிக்கிறார், ஆனால் பின்பக்கம் இரண்டு விரல் அகலத்துக்கு அடிக்காமல் விட்டுவிடுகிறார். மகன், "அங்க மறந்துட்டீங்களே" என்கிறார். "மறக்கல தம்பி. உள்ள ஒழுகினா அது வழியாத்தான் வெளிய தெரியும். முழுசா அடைச்சுட்டா தண்ணி நேரா கீழ் வீட்டுக்குத்தான் போகும்."

சுவரில் தொங்கும் கமோடு வேறு ரகம். அதன் எடையும் உட்காருபவரின் எடையும் சுவருக்குள் இருக்கும் இரண்டு போல்ட்டுகளில் நிற்கின்றன. போல்ட்டுகளுக்கு நடுவே 18 அல்லது 23 செ.மீ. இடைவெளி. ஐரோப்பியத் தரத்தின்படி இத்தகைய கமோடை 400 கிலோ சுமை வைத்துச் சோதிக்கிறார்கள். பீங்கான் அதைத் தாங்கும், நம் நாலரை அங்குலச் செங்கல் சுவர் தாங்குமா என்பதே கேள்வி. தாங்காது. அதிலும் மறைவான ஃப்ளஷ் டேங்க் வைக்கக் காடி வெட்டிவிட்டால் சுவரில் மிஞ்சுவது ஒன்றுமில்லை. சரியான வழி, சுவருக்கு முன்னால் இரும்புச் சட்டம் ஒன்றைத் தரையிலும் சுவரிலும் ஆங்கர் அடித்து நிறுத்தி, அதைச் சுற்றிக் கட்டிவிடுவது. எடை தரைக்குப் போய்விடும். எடை குறைந்த சிமெண்ட் பிளாக் சுவர்களுக்கும் இதுவே பொருந்தும். அந்தக் கல்லில் சாதாரண பிளாஸ்டிக் பிளக் நிற்கவே நிற்காது. சுவரை மூடுமுன் டேங்கில் தண்ணீர் நிரப்பி ஒருநாள் வைத்துப் பார்க்காதவர்கள், பின்னால் பொத்தான் தகட்டின் ஓட்டை வழியே கையை விட்டுத்தான் எல்லாவற்றையும் பார்க்க வேண்டியிருக்கும்.

வெளியே தெரியும் டேங்குகளுக்கு இவ்வளவு பாடு இல்லை. ஒரு காலத்தில் தலைக்குமேல் இரும்பு டேங்க் தொங்கும், சங்கிலியை இழுத்தால் பெரும் சத்தத்தோடு தண்ணீர் கொட்டும். உயரம்தான் அதற்கு வேகம் கொடுத்தது. இப்போதைய டேங்க் கமோடுக்குக் கொஞ்சம் மேலேயே உட்கார்ந்துகொள்கிறது. பிளாஸ்டிக் டேங்கை இரண்டு திருகில் மாட்டுகிறார்கள். காலியாக இருக்கும்போது பஞ்சுபோல் தூக்கலாம். நிரம்பினால் உள்ளே இருக்கும் தண்ணீரே ஏழெட்டு கிலோ, அதோடு நாள் முழுக்க அழுத்தும் கைகளின் விசை வேறு. திருகு பூச்சில் மட்டும் நிற்காமல் செங்கல்லுக்குள் போக வேண்டும். டேங்க் மட்டமாகவும், அதன் வாய் கமோடின் நடுக்கோட்டுக்கு நேராகவும் இருப்பது முக்கியம். டேங்கிலிருந்து இறங்கும் வளைந்த குழாய் கமோடின் ரப்பர் வாயில் நேராக நுழைய வேண்டும். அரை அங்குலம் விலகினால் ரப்பர் ஒருபக்கம் பிதுங்கி மறுபக்கம் திறந்துகொள்ளும். ஃப்ளஷ் பண்ணும் ஒவ்வொரு முறையும் ஒரு கை தண்ணீர் பின்னால் வழியும்.

கமோடின் மேலேயே பீங்கான் டேங்க் உட்காரும் வகையில் ரப்பர் வாஷர்களின் இடம் முக்கியம். போல்ட்டின் தலைக்கும் டேங்கின் உட்புறப் பீங்கானுக்கும் நடுவில் ரப்பர்தான் இருக்க வேண்டும். இரும்பு வாஷரைப் பீங்கானில் ஒட்டிவைத்தால் ஒழுகும், முடுக்க முடுக்க விரிசலும் விடும்.

வாஷ் பேசினுக்கு வருவோம். விளிம்பு 80 முதல் 85 செ.மீ. வரை என்பது பொதுக்கணக்கு. மேசைக்கல்லின்மேல் கிண்ணம் வைப்பது இப்போது நாகரிகமாகிவிட்டது. கல்லைச் சமையல் மேடைபோல 80 செ.மீ.யில் பதித்துவிட்டு, அதன்மேல் 14 செ.மீ. உயரக் கிண்ணத்தை வைத்தால் விளிம்பு 94-க்குப் போய்விடும். கை கழுவும்போது தண்ணீர் முழங்கை வழியே சட்டைக்குள் ஓடும். கிண்ணத்தை முதலில் வாங்கி, அதன் உயரத்தைக் கழித்துக் கல்லைப் பதிக்க வேண்டும். இந்தக் கிண்ணத்துக்கு 68, 70 செ.மீ. போதும்.

சுவர் பேசினில் உயரத்தைவிடச் சிக்கலானது வேஸ்ட் பாயிண்ட். கொஞ்சம் கணக்குப் போட்டால் விளங்கும். விளிம்பு 81-ல். பேசினின் ஆழம் சுமார் 20 செ.மீ., அடிப்பாகம் 61-ல் முடிகிறது. வேஸ்ட் கப்ளிங் அதற்குக் கீழே ஏழெட்டு செ.மீ. நீளும். அதில் மாட்டும் பாட்டில் ட்ராப்பிலிருந்து குழாய் சுவருக்குள் போகும் இடம் 50 செ.மீ. பக்கத்தில் வந்துவிடும். பாயிண்ட்டை 60-ல் எடுத்துவைத்திருந்தால் தண்ணீர் மேல்நோக்கி ஏற வேண்டியிருக்கும். அப்போது பிளம்பர் ட்ராப்பைத் தூக்கி எறிந்துவிட்டு நெளிந்த பிளாஸ்டிக் குழாயைச் சொருகிவிடுவார். தேங்கும் தண்ணீர் இல்லாததால் அந்தக் குழாய் வழியே வாடையும் கரப்பானும் தாராளமாக வரும். பல வீடுகளில் பேசினுக்கு அடியில் வரும் துர்நாற்றத்துக்கு இதுதான் காரணம்.

பாட்டில் ட்ராப்பின் குழாய் 32 மி.மீ., சுவரிலிருக்கும் குழாய் அதைவிடப் பெரிது. நடுவில் ஒரு ரப்பர் வளையம் போட்டால்தான் இடைவெளி அடையும். மேலே பளபளக்கும் எவர்சில்வர் வட்டத் தகடு மறைப்பதற்கு மட்டும்தான், அடைப்பதற்கல்ல.

கப்ளிங்கில் இரண்டு வகை உண்டு. கடையில் 'ஃபுல் த்ரெட்', 'ஹாஃப் த்ரெட்' என்று கேட்க வேண்டும். பேசினின் மேல்பக்கம் வழிந்தோடும் ஓட்டை இருந்தால், பக்கவாட்டில் ஓட்டை விட்ட ஹாஃப் த்ரெட் தேவை. அந்த ஓட்டை வழியேதான் மேலே வழியும் தண்ணீர் கப்ளிங்குக்குள் வரும். அங்கே ஃபுல் த்ரெட் போட்டால் வழியும் தண்ணீர் போக இடமில்லாமல் பீங்கானுக்குள்ளேயே தேங்கி அழுகும். ஓட்டை இல்லாத கிண்ணத்துக்கு ஹாஃப் த்ரெட் போட்டால் பக்க ஓட்டை வழியே கீழே ஒழுகும். ஒரு சின்னச் சாமானைத் தவறாக வாங்கிவிட்டு, மாதக்கணக்கில் வாஷர் மாற்றிக்கொண்டிருக்கும் வீடுகள் உண்டு.

பேசினைச் சுவரில் பிடிப்பது ரேக் போல்ட். ஒவ்வொரு பேசினிலும் ஓட்டைகளின் இடைவெளி வேறு. அதனால் பேசினையே சுவரில் வைத்து ரசமட்டம் பார்த்துக் குறிக்க வேண்டும். போல்ட் சிமெண்டில் பதித்ததென்றால் அது இறுகும் வரை பேசினை ஏற்றக் கூடாது. மாலையில் பதித்து மாலையிலேயே பேசின் மாட்டிவிட்டுப் போகும் அவசரம்தான் ஆடும் பேசினுக்கு அடிக்காரணம். கீழே நிற்கும் பீங்கான் தூண் எடையைத் தாங்கும் என்று நம்ப வேண்டாம். குழாய்களை மறைக்க வந்தது அது.

இணைப்புகளில் ஒழுகல் தொடங்கும் இடம் ஆங்கிள் வால்வு. சுவருக்குள்ளிருக்கும் எல்போவின் வாய் டைல்ஸ் முகத்துக்குச் சமமாக வர வேண்டும். ஒன்றரை அங்குலக் கணக்கு தப்பினால் அது உள்ளே புதைந்துவிடும். வால்வு இரண்டு சுற்றுக்குமேல் ஏறாது. டேப்பை எவ்வளவு சுற்றினாலும் இரண்டு சுற்றுப் பிடிப்பு நிற்காது. சரியான வழி, தேவையான நீளத்துக்கு எக்ஸ்டென்ஷன் நிப்பிள் போட்டு வாயை வெளியே கொண்டுவருவது. அதன் விலை வீட்டுக்காரருக்குப் பொருட்டே இல்லை.

டெஃப்ளான் டேப்பைத் திருகுப் பல்லின் முனையை நம் பக்கம் பார்த்தபடி வைத்துக்கொண்டு, கடிகார முள் ஓடும் திசையில் இழுத்துப் பிடித்துச் சுற்ற வேண்டும். எதிர்த்திசையில் சுற்றினால் வால்வை முடுக்கும்போதே டேப் உருண்டு வெளியே வந்துவிடும். ஆனால், வால்வையும் டேங்கையும் இணைக்கும் கனெக்ஷன் பைப்பின் நட்டுக்கு டேப் தேவையே இல்லை. அதற்குள் ரப்பர் வாஷர் இருக்கிறது, அடைப்பது அதுதான். கையால் முடுக்கிவிட்டு ஸ்பேனரில் கால் சுற்று போதும். டேங்கின் வால்வு பிளாஸ்டிக். பலத்தைக் காட்டினால் பல் உடையும்.

எஃகு வலை பின்னிய கனெக்ஷன் பைப்புக்கு நம் ஊரில் ஓர் எதிரி உண்டு. டாய்லெட் கழுவும் ஆசிட்டின் ஆவி அந்த வலையை அரிக்கும். கமோடுக்குப் பக்கத்திலேயே இருப்பதால் தினமும் ஆவி படும். வலையில் துருப்புள்ளி கண்டாலோ, ஒரு கம்பி அறுந்து நீட்டிக்கொண்டிருந்தாலோ, வீடு பூட்டியிருக்கும் நாளில் அது வெடிக்குமுன் மாற்றிவிட வேண்டும்.

வேலை முடிந்தபின் கூலியின் பாக்கியைக் கொடுக்குமுன் கொஞ்ச நேரம் ஒதுக்கலாம். எல்லா மூட்டுகளையும் துணியால் துடைத்து, காய்ந்த செய்தித்தாளைக் கீழே விரித்து, வால்வைத் திறந்துவிட்டு அரைமணி நேரம் எதையும் பயன்படுத்தாமல் விடுங்கள். தாளில் ஈரம் பட்டால் ஒழுகுவது வரும் தண்ணீரின் குழாய், அதாவது வால்வோ கனெக்ஷன் பைப்போ. அப்போது காய்ந்திருந்து, பேசினை விளிம்பு வரை நிரப்பித் திறந்துவிட்ட பிறகு ஈரமானால் கப்ளிங் அல்லது பாட்டில் ட்ராப். ஃப்ளஷ் பண்ணும்போது மட்டும் ஈரமானால் டேங்கிலிருந்து இறங்கும் குழாயின் ரப்பர், அல்லது கமோடின் அடிவாய். எப்போது ஒழுகுகிறது என்பதைப் பார்த்தாலே எது ஒழுகுகிறது என்று பாதி தெரிந்துவிடும்.

வெளியே தெரியாத ஒழுகல் இன்னொன்று உண்டு. டேங்கிலிருந்து கமோடுக்குள் மெல்லிய படலமாகத் தண்ணீர் இறங்கிக்கொண்டே இருக்கும். மோட்டார் அடிக்கடி ஓடுகிறதே என்று மட்டும் தோன்றும். டேங்கில் கொஞ்சம் கேசரிப் பவுடரைக் கரைத்துவிட்டு அரைமணி நேரம் யாரும் ஃப்ளஷ் பண்ணாமல் இருந்தால், கமோடில் நிறம் தெரிகிறதா என்று பார்த்துவிடலாம். தெரிந்தால் டேங்கின் அடியிலிருக்கும் வாஷர் உட்காரவில்லை. போர் தண்ணீரின் உப்புப் படிவுதான் பெரும்பாலும் காரணம். கழற்றிக் கழுவினாலே சரியாகலாம். அதோடு டேங்கில் தண்ணீர் மட்டம் உள்ளே நிற்கும் வழிந்தோடும் குழாயின் வாய்க்கு இரண்டு செ.மீ. கீழே நிற்கிறதா என்றும் பாருங்கள். வாயைத் தொட்டு நின்றால் மிதவையைக் கொஞ்சம் இறக்க வேண்டும்.

நம் மாடி வீட்டு மகன் செய்த ஒரு காரியத்தையும் சொல்லிவிடலாம். புதிய குழாய் போட்ட அன்று, டைல்ஸ் ஒட்டுமுன், அளவு நாடாவைப் பக்கத்தில் பிடித்து ஒவ்வொரு குழாயையும் செல்போனில் படமெடுத்து வைத்துக்கொண்டார். பிறகு அம்மாவுக்காகக் கமோடுக்குப் பக்கத்தில் கைப்பிடிக் கம்பி பொருத்த ஆள் வந்தபோது, டிரில்லை வைக்க நினைத்த இடத்துக்கு மூன்று விரல் தள்ளித் தண்ணீர்க் குழாய் ஓடுவதைப் படத்தில் காட்டினார். கம்பியை ஒரு டைல்ஸ் மேலே ஏற்றி அடித்தார்கள்.